அத்தியாயம் 6: மாணவர் கணக்குகளைக் கையாளும் ஆய்வுக்கூட உதவியாளருக்கு முதல்வர் தரும் அதிகாரக் கடிதம்

பருவம் தொடங்கும் வாரத்தில் கணினிக்கூடத்தின் வாசலில் நிற்கும் வரிசையில் பாதிப் பேர் கடவுச்சொல்லை மறந்தவர்கள். அவர்களுக்கு உடனே உதவக்கூடியவர் கூடத்திலேயே இருக்கும் ஆய்வுக்கூட உதவியாளர்தான். சின்னக் கல்லூரிகளில் கணினி அதிகாரி ஒருவரே இருப்பார். அவர் தம்முடைய நிர்வாகக் கடவுச்சொல்லை உதவியாளரிடம் சொல்லிவிட்டு, "நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்" என்று போய்விடுவார். ஒரு கணக்கில் ஏதாவது காணாமல் போகும் வரை இந்த ஏற்பாடு ஓடும். காணாமல் போன அன்று, யார் எதைச் செய்ய அனுமதி பெற்றிருந்தார் என்று காட்ட ஒரு தாள்கூட இருக்காது.

அந்தத் தாளை எப்படி எழுதுவது, எழுதியதைக் கணினியில் எப்படி அமைப்பது, மாதம்தோறும் எப்படிச் சரிபார்ப்பது என்பவற்றை இந்த அத்தியாயம் சொல்கிறது. மாதிரிக்குச் சிகாமட்டில் உள்ள ஒரு சிறிய தனியார் கல்லூரியை எடுத்துக்கொள்வோம். அங்கே விண்டோஸ் சர்வர் ஒன்று உண்டு. மாணவர் கணக்குகள் அதன் ஆக்டிவ் டைரக்டரியில் இருக்கின்றன.

சட்டம் எதைக் கேட்கிறது

மலேசியாவில் இதற்கு அடிப்படை 1997ஆம் ஆண்டுக் கணினிக் குற்றச் சட்டம் (சட்டம் 563). அனுமதியின்றிக் கணினியில் உள்ள தரவை அணுகுவது பிரிவு 3இன் கீழ்க் குற்றம். அதற்கு 50,000 ரிங்கிட் வரை அபராதம், 5 ஆண்டு வரை சிறை, அல்லது இரண்டும் விதிக்கலாம். அனுமதியின்றிக் கணினியில் உள்ளதை மாற்றுவது பிரிவு 5இல் வருகிறது. அதற்கு 100,000 ரிங்கிட் வரை அபராதம், 7 ஆண்டு வரை சிறை, அல்லது இரண்டும் உண்டு. ஒருவரின் கடவுச்சொல்லை மாற்றி அமைப்பதும் கணினியில் உள்ளதை மாற்றும் செயல்தான். உரிமையில்லாத ஒருவரிடம் கடவுச்சொல்லைச் சொல்வது பிரிவு 6இல் தனிக் குற்றம். 25,000 ரிங்கிட், 3 ஆண்டு என்பது அதன் உச்ச வரம்பு.

எது அனுமதியற்ற அணுகல் என்பதையும் சட்டம் சொல்கிறது. கட்டுப்படுத்தும் உரிமை உள்ளவரின் இசைவு இல்லாமல் நுழைவது மட்டுமல்ல, தந்த இசைவை மீறிப் போவதும் அனுமதியற்றதே. கூடவே, அது குற்றமாக வேண்டுமானால், தாம் செய்வது அனுமதியற்றது என்று நுழைந்தவர் அப்போது அறிந்திருக்க வேண்டும். எனவே முதல்வரின் கடிதம் இரண்டு வகையில் பேசும். வரம்புக்குள் வேலை செய்த உதவியாளரை அது காக்கும். வரம்பைத் தாண்டியவருக்கு அந்த வரம்பு தெரிந்தே இருந்தது என்பதையும் அதுவே காட்டும். "மாணவர் கணக்குகளை நிர்வகிக்க அனுமதிக்கப்படுகிறது" என்ற ஒற்றை வரி இந்த இரண்டில் எதையும் ஒழுங்காகச் செய்யாது.

பிரிட்டனில் 1999இல் பிரபுக்கள் சபை தீர்ப்பளித்த அலிசன் வழக்கைப் பார்த்தால் காரணம் விளங்கும். அமெரிக்கன் எக்ஸ்பிரஸ் நிறுவனத்தின் ஃபுளோரிடா அலுவலகத்தில் கடன் கணக்குகளைப் பார்க்கும் ஊழியர் ஒருவர் இருந்தார். கணினியைத் திறக்கவும் கணக்குகளைப் பார்க்கவும் அவருக்கு அனுமதி உண்டு. ஆனால் தமக்கு ஒதுக்கப்பட்ட கணக்குகளை மட்டுமே பார்க்கலாம். அவர் மற்ற வாடிக்கையாளர்களின் கணக்குகளையும் திறந்து, விவரங்களை வெளியாட்களுக்குக் கொடுத்தார் என்பது குற்றச்சாட்டு. அந்த வகைத் தரவைப் பார்க்க அவருக்கு அதிகாரம் இருந்தது, ஆகவே அது அனுமதியற்ற அணுகல் ஆகாது என்று கீழ் நீதிமன்றம் கொண்டது. பிரபுக்கள் சபை அதை ஏற்கவில்லை. ஒரு கணக்கைப் பார்க்கும் அதிகாரம் அதே வகையைச் சேர்ந்த இன்னொரு கணக்கைப் பார்க்கும் அதிகாரம் ஆகாது என்று சொன்னது. பிரிட்டிஷ் தீர்ப்பு மலேசிய நீதிமன்றத்தைக் கட்டுப்படுத்தாது. ஆனால் நம் சட்டத்தின் சொற்கள் அங்குள்ள சட்டத்தின் சொற்களையே ஒட்டியிருப்பதால் அதன் வாதத்துக்கு இங்கும் எடை உண்டு. எந்தச் செயல், எந்தக் கணக்குகளில், எந்த நாள் வரை என்ற மூன்றும் கடிதத்தில் இருக்க வேண்டும் என்பது நமக்கு இதில் கிடைக்கும் பாடம்.

கையொப்பமிடும் முன் முதல்வர் கேட்க வேண்டிய கேள்வி

தம்மிடம் உள்ள உரிமையைத்தான் ஒருவர் பிறருக்குத் தர முடியும். சிகாமட்டில் இதைக் கவனிக்காமல் இருக்க முடியாது. இங்கே உயர்கல்வி தரும் பெரிய நிறுவனங்கள் கிளைகள். மாரா தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்துக்குத் தலைமை ஷா ஆலாமில். துங்கு அப்துல் ரஹ்மான் நிர்வாக, தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்துக்குக் கோலாலம்பூரில். கிளையில் படிக்கும் மாணவரின் மின்னஞ்சலும் தேர்வு முடிவும் தலைமையகத்தின் சர்வரில் இருந்தால், கிளைத் தலைவர் எழுதும் கடிதம் அந்தக் கணக்குகளுக்குச் செல்லாது. தலைமையகத்தின் கணினிப் பிரிவுதான் இசைவு தர வேண்டும்.

ஆகவே கடிதம் எழுதும் முன் ஒரு பட்டியல் போடுங்கள். மாணவர் பயன்படுத்தும் ஒவ்வொரு அமைப்பின் எதிரிலும் அதைக் கட்டுப்படுத்துபவர் யார் என்று எழுதுங்கள். கூடத்துக் கணினிகளின் நுழைவு, மின்னஞ்சல், கற்றல் தளம், தேர்வு முடிவு, கட்டணம் என்று வரிசை வரும். நம் மாதிரிக் கல்லூரியில் முதலாவது மட்டுமே முதல்வரின் முழுக் கட்டுப்பாட்டில் இருக்கிறது என்று கொள்வோம். கடிதமும் அதை மட்டுமே தொடும்.

கடிதத்தின் மாதிரி

அரசுக் கல்லூரியில் இது மலாய் மொழியில், அதிகாரம் அளிக்கும் கடிதமாகப் போகும். தனியார் கல்லூரியில் பெரும்பாலும் ஆங்கிலத்தில் போகும். எந்த மொழியானாலும் உள்ளடக்கம் இதுதான்.

> கோப்பு எண்: ………… நாள்: …………
>
> பெறுநர்: ………… (ஆய்வுக்கூட உதவியாளர், பணியாளர் எண் …………)
>
> பொருள்: கணினிக்கூட மாணவர் கணக்குகளைக் கையாள வரையறுக்கப்பட்ட அதிகாரம்
>
> 1. கல்லூரியின் கணினிக்கூடச் சர்வரில் "Pelajar" என்ற பிரிவில் உள்ள மாணவர் கணக்குகளில் மட்டும், கீழ்க்காணும் நான்கு செயல்களைச் செய்ய உங்களுக்கு அதிகாரம் அளிக்கப்படுகிறது:
>
> (அ) மாணவர் நேரில் கேட்டால், அடையாள அட்டையையும் மாணவர் அட்டையையும் பார்த்தபின், அவருடைய கடவுச்சொல்லை மாற்றி அமைத்தல். அடுத்த நுழைவில் மாணவரே அதை மாற்றும்படி அமைக்க வேண்டும்.
>
> (ஆ) தவறான முயற்சிகளால் பூட்டிக்கொண்ட கணக்கைத் திறத்தல்.
>
> (இ) பதிவாளர் கையொப்பமிட்டுத் தரும் பட்டியலில் உள்ள கணக்குகளை முடக்குதல் அல்லது மீண்டும் இயக்குதல்.
>
> (ஈ) இந்தப் பணிகளுக்காக மாணவரின் பெயர், மாணவர் எண், பாடப்பிரிவு, கணக்கின் நிலை ஆகியவற்றைப் பார்த்தல்.
>
> 2. மேலே குறிப்பிடாத எதற்கும் அனுமதி இல்லை. குறிப்பாக: மாணவரின் கணக்கில் அவர் இசைந்தாலும் நுழைதல், கோப்புகளைத் திறத்தல், நகலெடுத்தல், அழித்தல், கணக்கை உருவாக்குதல் அல்லது நீக்குதல், கடவுச்சொல் காலாவதியாகாதபடி அமைத்தல், கடவுச்சொற்களின் வலிமையைச் சோதித்தல், விரிவுரையாளர், பணியாளர் கணக்குகளைத் தொடுதல்.
>
> 3. இந்தப் பணிக்கென உங்கள் பெயரில் தரப்படும் தனிக் கணக்கை மட்டும், கூடத்தின் முகப்புக் கணினியில் மட்டும் பயன்படுத்த வேண்டும். அதன் கடவுச்சொல்லை எவரிடமும், என்னிடமும், சொல்லக் கூடாது.
>
> 4. ஒவ்வொரு செயலையும் அன்றே பதிவேட்டில் எழுத வேண்டும்.
>
> 5. வெள்ளம் முதலிய காரணத்தால் வளாகம் மூடப்பட்டால், மாணவரின் வழிகாட்டி விரிவுரையாளர் காணொளி அழைப்பில் அவரை அடையாளம் கண்டு உறுதி செய்த பிறகு, 1(அ), 1(ஆ) ஆகியவற்றைத் தொலைவிலிருந்து செய்யலாம். தற்காலிகக் கடவுச்சொல்லைப் பதிவாளரிடம் உள்ள மாணவரின் கைத்தொலைபேசி எண்ணில் மட்டுமே சொல்ல வேண்டும். அந்நாள்களில் கணினி அதிகாரி தரும் மடிக்கணினியைப் பயன்படுத்தலாம்.
>
> 6. இக்கடிதம் ………… முதல் ………… வரை செல்லும். அதற்கு முன் எழுத்தில் திரும்பப் பெறப்படலாம்.
>
> 7. வரம்பு குறித்து ஐயம் வந்தால் செயலை நிறுத்தி, கணினி அதிகாரியிடம் எழுத்தில் கேட்க வேண்டும். இக்கடிதத்தின்படி மறுத்ததற்காக உங்கள்மீது நடவடிக்கை எடுக்கப்படாது.
>
> முதல்வர் கையொப்பம், முத்திரை. பெற்றுக்கொண்டேன்: உதவியாளர் கையொப்பம். நகல்: பதிவாளர், கணினி அதிகாரி.

சில வரிகளுக்கு விளக்கம் தேவை. "அவர் இசைந்தாலும் நுழைதல்" கூடாது என்று ஏன் எழுத வேண்டும்? கடவுச்சொல்லை மாற்றும் அதிகாரம் உள்ளவர் அந்தக் கணக்கில் நுழையவும் முடியும். இந்த இரண்டையும் கணினியால் பிரிக்க முடியாது. கடிதத்தால்தான் பிரிக்க முடியும். "நீங்களே என் கணக்கில் போய் ஃபைலை பிரிண்ட் எடுத்துக் கொடுங்கள்" என்று மாணவர் நல்லெண்ணத்தோடுதான் கேட்பார். பிறகு கோப்பு மாறியிருந்தால் அந்த இசைவுக்குச் சாட்சி கிடையாது.

கடவுச்சொல் சோதனையைப் பெயர் சொல்லித் தடுப்பதற்கும் காரணம் உண்டு. அமெரிக்காவின் ஒரிகன் மாநிலத்தில் இன்டெல் நிறுவனத்தில் பணிபுரிந்த நிரலாளர் ராண்டல் ஷ்வார்ட்ஸ், பலவீனமான கடவுச்சொற்களைக் கண்டுபிடிக்கும் நிரலை நிறுவனத்தின் கணினிகளில் ஓட்டினார். பாதுகாப்பை மேம்படுத்தவே செய்ததாகச் சொன்னார். அதற்கு அனுமதி இருக்கவில்லை. 1995இல் அவர் குற்றவாளி எனத் தீர்ப்பானது. பல ஆண்டுகள் கழித்து, 2007இல்தான் அந்தத் தண்டனைப் பதிவு நீக்கப்பட்டது. உதவியாளருக்கு ஆர்வம் இருந்தால் அதைத் தனிக் கடிதத்தின் மூலம் அனுமதியுங்கள். பொதுக் கடிதத்துக்குள் நுழைக்காதீர்கள்.

ஐந்தாம் பத்தி சிகாமட்டுக்குத் தேவையானது. 2023 மார்ச் வெள்ளத்தில் நகரமும் சுற்றுப்புறமும் மூழ்கியதை ஊரார் மறந்திருக்க மாட்டார்கள். அந்த மாதிரி நாளில் "நேரில் வா" என்ற விதியைக் காப்பாற்ற முடியாது. மாற்று வழி முன்பே எழுதப்படாவிட்டால், வாட்ஸ்அப்பில் கேட்டவருக்கெல்லாம் கடவுச்சொல் போகும்.

கடிதத்தைக் கணினியில் அமைத்தல்

கடிதம் கையொப்பமானதும் கணினி அதிகாரி ஒரு குழுவை உருவாக்கி, உதவியாளரின் தனிக் கணக்கை அதில் சேர்த்து, அந்தக் குழுவுக்கு மாணவர் பிரிவில் மட்டும் உரிமை தர வேண்டும். நிர்வாகி குழுவில் உதவியாளரைச் சேர்த்துவிடுவது எளிது. ஆனால் அப்படிச் செய்தால் கடிதம் நான்கு செயல்களைச் சொல்லும், கணினி எல்லாவற்றையும் அனுமதிக்கும். குழுவின் பெயர் `AkaunPelajar` என்று வைத்தால் கட்டளைகள் இவை:

```
dsacls "OU=Pelajar,DC=kolej,DC=local" /I:S /G "KOLEJ\AkaunPelajar:CA;Reset Password;user"
dsacls "OU=Pelajar,DC=kolej,DC=local" /I:S /G "KOLEJ\AkaunPelajar:RPWP;pwdLastSet;user"
dsacls "OU=Pelajar,DC=kolej,DC=local" /I:S /G "KOLEJ\AkaunPelajar:RPWP;lockoutTime;user"
dsacls "OU=Pelajar,DC=kolej,DC=local" /I:S /G "KOLEJ\AkaunPelajar:RPWP;userAccountControl;user"
```

முதல் இரண்டு வரிகள் 1(அ)வுக்கு. முதலாவது கடவுச்சொல்லை மாற்றும் உரிமை. இரண்டாவது, அடுத்த நுழைவில் மாணவரே மாற்றும்படி கட்டாயப்படுத்தும் உரிமை. மூன்றாவது, பூட்டைத் திறக்க. நான்காவது, முடக்கவும் இயக்கவும்.

நான்காவது வரியில்தான் கவனம் வேண்டும். முடக்குவதற்கென்று தனி உரிமை கிடையாது. `userAccountControl` என்ற ஒரே புலத்தில்தான் "முடக்கப்பட்டது", "கடவுச்சொல் காலாவதியாகாது", "கடவுச்சொல் தேவையில்லை" போன்ற பல நிலைகளும் சேர்ந்திருக்கின்றன. ஒன்றை மாற்ற உரிமை தந்தால் மற்றவற்றையும் மாற்ற முடியும். கணினியால் தடுக்க முடியாத இந்த இடைவெளியைக் கடிதத்தின் 2ஆம் பத்தி அடைக்கிறது. இந்த இடைவெளி வேண்டாம் என்று நினைக்கும் கல்லூரி, 1(இ)யையும் நான்காம் கட்டளையையும் சேர்த்தே நீக்கிவிட்டு, முடக்கும் பணியைக் கணினி அதிகாரியிடமே விடலாம். ஒன்றை மட்டும் நீக்கக் கூடாது.

கடிதத்தின் கடைசி நாளையும் கணினியில் பதியுங்கள். உதவியாளரின் தனிக் கணக்கு `makmal.akaun`, கடிதம் 2026 நவம்பர் 30 வரை என்றால்:

```
Set-ADAccountExpiration -Identity makmal.akaun -DateTime "2026-12-01"
```

இங்கே டிசம்பர் 1 என்று தர வேண்டும். குறிப்பிட்ட நாள் பிறக்கும் நள்ளிரவில் கணக்கு காலாவதியாகும் என்பதால், நவம்பர் 30 என்று தந்தால் ஒரு நாள் குறைந்துவிடும்.

பதிவேடும் கணினிப் பதிவும்

சர்வரின் பாதுகாப்புப் பதிவில் ஒவ்வொரு செயலும் ஓர் எண்ணோடு விழும். கடவுச்சொல்லை வேறொருவர் மாற்றி அமைத்தால் 4724, கணக்குக்கு உரியவரே மாற்றினால் 4723, பூட்டு திறந்தால் 4767, முடக்கினால் 4725, இயக்கினால் 4722, கணக்கின் அமைப்பில் மாற்றம் நடந்தால் 4738. மாதம் ஒருமுறை கணினி அதிகாரி இவற்றை எடுத்து உதவியாளரின் பதிவேட்டோடு ஒப்பிட வேண்டும்:

```
Get-WinEvent -FilterHashtable @{LogName='Security'; Id=4722,4723,4724,4725,4738,4767; StartTime=(Get-Date).AddMonths(-1)}
```

இந்தப் பதிவுக்குக் கொள்ளளவு உண்டு. நிரம்பினால் பழையவை அழிந்து புதியவை எழுதப்படும். ஆகவே வாரம் ஒருமுறை வேறிடத்தில் ஒரு நகல் எடுத்து வையுங்கள். அந்த நகல் உதவியாளர் கைக்கு எட்டாத இடத்தில் இருக்கட்டும்.

ஒரு வாரத்தில் வரக்கூடிய மூன்று கோரிக்கைகளை வைத்து இதைப் பார்ப்போம்.

திங்கட்கிழமை காலை ஒரு மாணவி முகப்புக்கு வருகிறார். உதவியாளர் இரண்டு அட்டைகளையும் பார்த்து, 10.42க்குக் கடவுச்சொல்லை மாற்றித் தருகிறார். மாணவி பக்கத்துக் கணினியில் உட்கார்ந்து 10.46க்குத் தம் சொந்தக் கடவுச்சொல்லை அமைக்கிறார். பதிவேட்டில் நாள், நேரம், மாணவர் எண், "1(அ)", மாணவியின் கையொப்பம் என ஒரு வரி விழுகிறது. சர்வரில் 10.42க்கு 4724, 10.46க்கு 4723. வரியும் பதிவும் பொருந்துகின்றன. 4724 வந்து, அதன்பின் 4723 வராமலே அந்தக் கணக்கு பயன்பாட்டில் இருந்தால், தற்காலிகக் கடவுச்சொல் இன்னும் இரண்டு பேருக்குத் தெரியும் என்று பொருள். அன்றே விசாரிக்க வேண்டும்.

புதன்கிழமை விரிவுரையாளர் ஒருவர் வருகிறார். "மிஸ், அந்தப் பையன் லீவில் இருக்கிறான். குழு வேலை அவன் ஃபோல்டரில் மாட்டிக்கொண்டது. கொஞ்சம் திறந்து எடுத்துத் தாருங்கள், நாளைக்குப் பிரசன்டேஷன்" என்கிறார். உதவியாளரால் இதைச் செய்ய முடியும்: கடவுச்சொல்லை மாற்றி, நுழைந்து, எடுத்துக் கொடுத்துவிடலாம். ஆனால் 2ஆம் பத்தி தடுக்கிறது. "சார், கடிதத்தில் எனக்கு அந்த அனுமதி இல்லை. மாணவரைக் கோப்பை உங்களுக்கு அனுப்பச் சொல்லுங்கள். முடியாவிட்டால் கணினி அதிகாரிக்கு எழுதுங்கள்" என்று சொல்லி, கோரிக்கையை மறுத்ததாகப் பதிவேட்டில் எழுதுகிறார். மூத்தவரிடம் இப்படிச் சொல்ல உதவியாளருக்குத் துணை 7ஆம் பத்தியின் கடைசி வரி. அது இல்லாத கடிதத்தை வைத்துக்கொண்டு அவரால் மறுக்க முடியாது.

வெள்ளிக்கிழமை ஒரு தாய் தொலைபேசியில் கூப்பிடுகிறார். "மகன் ஊரில் இல்லைங்க மிஸ். பாஸ்வேர்டை மாற்றி என்கிட்ட சொன்னால் நான் அவனுக்குச் சொல்லிவிடுவேன்" என்கிறார். குரலில் உண்மை இருக்கலாம். ஆனாலும் கணக்குக்கு உரியவர் மகன். தாய்க்கு அதைச் சொல்வது பிரிவு 6ஐத் தொடும் செயல். வளாகமும் மூடப்படவில்லை என்பதால் 5ஆம் பத்தி பொருந்தாது. "அம்மா, தம்பி வந்ததும் நேரில் வரச் சொல்லுங்கள், உடனே செய்து தருகிறேன்" என்பதே சரியான பதில்.

மாத முடிவில் ஒப்பிடும்போது மூன்று வகைப் பிழைகள் தெரியும். பதிவேட்டில் இல்லாத 4724 இருந்தால், எழுத மறந்ததா, எழுதாமல் செய்ததா என்று பார்க்க வேண்டும். செயலைச் செய்தவரின் பெயராக `Administrator` வந்தால், பொதுக் கடவுச்சொல் இன்னும் சுற்றிக்கொண்டிருக்கிறது. யார் செய்தார் என்று எந்தக் கடிதமும் பிறகு காட்டாது. எந்தச் செயலோடும் சேராமல் 4738 தனியாக வந்தால், கணக்கின் எந்த அமைப்பு மாறியது என்று திறந்து பாருங்கள். "காலாவதியாகாது" என்ற மாற்றம் பெரும்பாலும் அங்கேதான் தென்படும்.

திரும்பப் பெறுதல்

உதவியாளர் வேறு வேலைக்கு மாறும்போது கடிதத்தை ரத்துச் செய்வது மட்டும் போதாது. குழுவிலிருந்து அவரை நீக்கினாலும், ஏற்கெனவே நுழைந்திருக்கும் கணினியில் பழைய உரிமை சில மணி நேரம் நீடிக்கக்கூடும். அவர் பெற்ற நுழைவுச் சீட்டு வழக்கமான அமைப்பில் 10 மணி நேரம் வரை செல்லும். எனவே முதலில் முகப்புக் கணினியிலிருந்து அவரை வெளியேறச் செய்யுங்கள். பிறகு அவருடைய பணிக்கணக்கை முடக்குங்கள். அதன்பின் குழுவிலிருந்து நீக்கி, ரத்துக் கடிதத்தில் நேரத்தோடு குறித்து இருவரும் கையொப்பமிடுங்கள். பதிவேட்டின் கடைசி வரியின் கீழ் ஒரு கோடு போட்டு முடியுங்கள். புதியவர் புதுப் பக்கத்தில், தம் பெயரில் வந்த புதுக் கடிதத்தோடு தொடங்கட்டும். பழைய கடிதத்தில் பெயரை மட்டும் மாற்றித் தரக் கூடாது.

ஆய்வுக்கூட உதவியாளராக இருந்து இதைப் படிப்பவருக்கு ஒரு சொல். உங்களிடம் நிர்வாகக் கடவுச்சொல்லை வாய்மொழியாகத் தந்திருந்தால், இன்றே இந்த மாதிரியை நிரப்பி முதல்வரிடம் கொடுத்துக் கையொப்பம் கேளுங்கள். அது கிடைக்கும் வரை வரிசையில் நிற்கும் மாணவர்களைக் கணினி அதிகாரியிடம் அனுப்புங்கள்.